அக்செப்ட் ஆகாத பில்: கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணபதி, குறிச்சி, மலுமிச்சம்பட்டி, அரசூர் என்று கோவையைச் சுற்றிப் பட்டறை வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். பெரிய கம்பெனிகளுக்குப் பம்ப் பாகமும் மோட்டார் பாகமும் ஆட்டோ பாகமும் செய்து அனுப்பிவிட்டு, பணத்துக்கு 90 நாள், 120 நாள் என்று காத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். நம் எல்லாருடைய கதையும் ஒன்றே. இரும்புக்காரருக்கு 30 நாளில் பணம் போக வேண்டும். சனிக்கிழமை கூலி நிற்கக் கூடாது. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும், பில்லுக்குப் பணம் வந்திருந்தாலும் வராவிட்டாலும். வர வேண்டிய பணம் மட்டும் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் எங்கோ உட்கார்ந்திருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்க பில்லை வைத்துப் பணம் புரட்டும் வழிகள் இருக்கின்றன: பில்லை ஒரு நிதி நிறுவனத்திடம் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஃபேக்டரிங், பில்லை இணையத்தில் ஏலம் விடும் ட்ரெட்ஸ். அதைப் பற்றி நம்மிடையே அரைகுறைப் பேச்சுதான் நடக்கிறது. "ஃபேக்டரிங்கா, அது பெரிய ஆளுங்களுக்கு" என்று சிலர். "ட்ரெட்ஸ்ல சேர்ந்தேன், ஒண்ணும் நடக்கலை" என்று சிலர். முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன், அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் தீபாவளி போனஸ் நேரம். 6 லட்ச ரூபாய் பில் ஒன்று கம்பெனியில் நின்றது. ஒரு நிதி நிறுவனத்தின் பையன் பட்டறைக்கே வந்தார். பில்லைக் கொடுத்தால் இரண்டு நாளில் 80 சதவீதம் தருவதாகவும், மீதி கம்பெனி பணம் கட்டியதும் வரும் என்றும் சொன்னார். ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், கூடவே சில காசோலைகளும். 4,80,000 வந்தது, போனஸ் கொடுத்தேன், நிம்மதி. கம்பெனி 90 நாளில் கட்ட வேண்டியது. கட்டவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் என் காசோலையையே வங்கியில் போட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். அது அந்த வாரக் கூலிக்காக வைத்திருந்த பணம். ஓடிப் போய்க் கேட்டால், ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரியைக் காட்டினார்கள். "வித் ரிகோர்ஸ்" என்று இருந்தது.

அவர்கள் ஏமாற்றவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஆனால் அந்த ஒரு சொல்லின் பொருள் அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் வேறு வாசல் தேடியிருப்பேன்.

ரிகோர்ஸ் என்றால், கம்பெனி கட்டாவிட்டால் நம் மீது திரும்பி வரும் உரிமை. ரிகோர்ஸோடு வாங்கும் பணம் என்ன பெயரில் வந்தாலும் அது கடன்தான். பில் வெறும் ஈடு. ரிகோர்ஸ் இல்லாமல் என்றால் பில்லை விற்றே விட்டோம் என்று பொருள். கம்பெனி கட்டாமல் போனால் அது வாங்கியவர் பாடு. பில் டிஸ்கவுண்டிங், இன்வாய்ஸ் ஃபைனான்ஸ், ஃபேக்டரிங் என்று மேலே என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் தேட வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். பேச வருகிறவரிடம் நேராகவே கேளுங்கள்: "கம்பெனி 90-ஆம் நாள் கட்டலைன்னா 91-ஆம் நாள் யாரைக் கேப்பீங்க?" பதில் "உங்களைத்தான்" என்றால் அது கடன். கடன் என்று தெரிந்தே வாங்குவது தப்பில்லை. விற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வாங்குவதுதான் ஆபத்து.

ஃபேக்டரிங்குக்கு நம் நாட்டில் தனிச் சட்டமே உண்டு. 2011-இல் வந்தது, 2021-இல் திருத்தினார்கள். அதன்படி நம் பில்லை வாங்கியவர் கம்பெனிக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கம்பெனி அவருக்குத்தான் பணம் கட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் நம் கணக்குக்கே பணம் வந்து விழுந்தால்கூட அது நம் பணம் இல்லை. வந்த அன்றே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். இரும்பு வாங்கச் செலவு செய்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அது வேறு மாதிரி வழக்காகிவிடும்.

சரி, ரிகோர்ஸ் இல்லாமல் நம் மாதிரி சின்னப் பட்டறையின் பில்லை யார் வாங்குவார்கள்? இங்கேதான் ட்ரெட்ஸ் வருகிறது. ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் விதிமுறை வெளியிட்டு, 2017-இல் ஓடத் தொடங்கிய ஏற்பாடு இது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று மூன்று தளங்கள் முதலில் வந்தன. சிறு தொழில்களுக்கான சிட்பி வங்கியும் தேசியப் பங்குச் சந்தையும் சேர்ந்து நடத்துவது முதலாவது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்தத் தளத்தில் நடக்கும் வியாபாரம் சிறு தொழிலுக்கு ரிகோர்ஸ் இல்லாததாகத்தான் இருக்க வேண்டும். நான் முன்பு மாட்டிக்கொண்ட அந்த வரிக்கு இங்கே இடமே இல்லை.

வேலை நடக்கும் விதம் இது. பொருளை அனுப்பி, பில்லைத் தளத்தில் ஏற்றுகிறோம். சில கம்பெனிகளில் அவர்களே தங்கள் கணினியிலிருந்து ஏற்றிவிடுவார்கள். கம்பெனி அதைப் பார்த்து, "இந்தத் தொகை, இந்தத் தேதியில் நான் கட்டுவேன்" என்று ஒப்புக்கொண்டு அக்செப்ட் கொடுக்கும். பெரும்பாலும் அங்கே ஒருவர் பதிவு செய்ய வேண்டும், மேலே இன்னொருவர் சரிபார்த்து அழுத்த வேண்டும். அந்த நிமிடத்தில் பில் வெறும் காகிதமாக இருப்பது போய், கம்பெனியின் வாக்குறுதி ஆகிவிடுகிறது. அப்புறம் வங்கிகளும் ஃபேக்டரிங் நிறுவனங்களும் அதற்கு ஏலம் கேட்பார்கள்: ஒருவர் ஆண்டுக்கு 9.2 சதவீதம் என்பார், இன்னொருவர் 8.9 என்பார். நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டால் ஓரிரு வேலை நாளில் வட்டி போக மீதி கணக்கில் வந்துவிடும். கெடு நாளில் கம்பெனியின் கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படும். அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

ஏன் வட்டி இவ்வளவு குறைவு என்று பலர் கேட்கிறார்கள். ஏலம் கேட்பவர்கள் நம் பட்டறையின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து வட்டி வைப்பதில்லை, கம்பெனியின் தரத்தைப் பார்த்து வைக்கிறார்கள். சொத்து அடமானம் கேட்பதில்லை, வீட்டில் உள்ளவர்களை ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதோடு, நம்மிடம் கெடு தவறுவது கம்பெனிக்கு ஒரு போன் கால் தொந்தரவு. ட்ரெட்ஸில் கெடு தவறினால் அது வங்கியிடம் தவறுவது, அவர்களுடைய கடன் பதிவிலேயே கறை. அந்தப் பயம் அவர்களைக் கெடு நாளில் கட்ட வைக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வட்டி விகிதங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம்.

பொருள் மதிப்பு 10 லட்சம், ஜிஎஸ்டி 1,80,000, மொத்த பில் 11,80,000. கம்பெனி சில பீஸ்களை ரிஜெக்ட் செய்கிறது, டிடிஎஸ் பிடிக்கிறது. எல்லாம் போக அவர்கள் ஒப்புக்கொள்வது 11,50,000. ட்ரெட்ஸில் ஏற்ற வேண்டியது இந்தத் தொகையைத்தான். பில்லில் உள்ள முழுத் தொகையை ஏற்றினால் கம்பெனி நிராகரிக்கும், பத்து நாள் வீணாகும். நிறையப் பேருடைய "ஒண்ணும் நடக்கலை" கதை இங்கேதான் தொடங்குகிறது. கிரெடிட் 90 நாள். பொருள் போய், வந்து சேர்ந்ததற்கான ரசீதான ஜிஆர்என் போட்டு, அக்செப்ட் ஆக 15 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 75 நாளுக்குத்தான் வட்டி. 9 சதவீதம் என்றால் 21,267 ரூபாய் பிடித்துக்கொண்டு 11,28,733 கையில் தருவார்கள். தளத்தின் கட்டணம் தனி, அது சிறியது. கதை அங்கேயே முடிந்தது.

இதே பில்லை நான் முன்பு செய்ததுபோல ரிகோர்ஸோடு, 80 சதவீதத்துக்கு, 18 சதவீத வட்டியில் வைத்தால்? கையில் வருவது 9,20,000. 75 நாள் வட்டி 34,027. பில் தொகையில் 1 சதவீதம் கட்டணம் என்றால் இன்னொரு 11,500. மொத்தம் 45,527. குறைந்த பணத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் செலவு. கம்பெனி கெடு தாண்டி 60 நாள் இழுத்தால் மேலும் 27,222, அதுவும் அவர்கள் பொறுமையாக இருந்தால். அந்த 60 நாளும் நம் மீதி 2,30,000-உம் சேர்ந்து நிற்கும். தெருக் கடன் மாதம் 2 ரூபாய் வட்டிக்கு 11,50,000 வாங்கினால் இரண்டரை மாதத்துக்கு 57,500.

இந்த 10 லட்சத்தில் நமக்கு நிற்பது எவ்வளவு? 8 சதவீதம் லாபம் என்றால் 80,000. ட்ரெட்ஸ் வழியில் அதில் கால் பங்குக்குச் சற்று மேல் போகிறது. ரிகோர்ஸ் வழியில் பாதிக்கும் மேல். தெருக் கடனில் நாம் கிட்டத்தட்ட கூலி இல்லாமல் கம்பெனிக்கு உழைக்கிறோம். கொட்டேஷன் போடும்போது நாம் இரும்பையும் டூலையும் கரண்டையும் எண்ணுகிறோம், இந்த நாட்களை எண்ணுவதில்லை. 90 நாள் கிரெடிட் கேட்கிற கம்பெனிக்குக் கொடுக்கும் விலையில் அந்த 21,000 உள்ளே இருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. சில கம்பெனிகள், "90 நாளுக்குப் பதில் 30-ஆம் நாள் தருகிறோம், 3 சதவீதம் கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். 3 சதவீதம் சின்னதாகத் தெரியும். 60 நாள் முன்னால் வாங்க 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல். சதவீதத்தைக் கேட்டவுடன் எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள்.

இனிமேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

ட்ரெட்ஸின் உயிர் அந்த அக்செப்டில் இருக்கிறது. அது விழாதவரை எந்த வங்கியும் பில்லைப் பார்க்காது, ஏலமே வராது. அதை அழுத்தும் கை நம் கை இல்லை. அரசு 2018 நவம்பரிலேயே ஆண்டு விற்பனை 500 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் ட்ரெட்ஸில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2024 நவம்பரில் அந்த வரம்பை 250 கோடியாகக் குறைத்து, 2025 மார்ச் 31 வரை கெடு கொடுத்தது. ஆக, நாம் பொருள் கொடுக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை பெயரளவில் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் சட்டம் பதிவு செய்யச் சொன்னதே தவிர, ஒவ்வொரு பில்லையும் இத்தனை நாளில் அக்செப்ட் செய் என்று அந்த உத்தரவில் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு செய்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஏற்காமல் இருக்கலாம். நான் பொருள் கொடுக்கும் கம்பெனி ஒன்று அப்படித்தான் இருந்தது. பதிவு இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். என் பில்லை ஏற்றினால் வாரக்கணக்கில் "நிலுவை" என்றே காட்டும்.

ஏன் அழுத்துவதில்லை? கெட்ட எண்ணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அக்கவுண்ட்ஸில் பழகிய ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டபோது வேறு விஷயம் புரிந்தது. நம் பில் 90 நாள் என்று காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் அவர்கள் 110, 120 என்று இழுப்பார்கள், நம்மால் எதுவும் சொல்ல முடியாது. அக்செப்ட் அழுத்திவிட்டால் 90 என்பது 90 ஆகிவிடும். அந்த முப்பது நாள் வட்டியில்லாக் கடனை அவர்கள் இழக்கிறார்கள். இன்னொரு காரணம், அக்செப்ட் செய்த பிறகு "பீஸ் சரியில்லை" என்று பணத்தை நிறுத்த முடியாது. வங்கிக்குக் கட்டியே ஆக வேண்டும், தரப் பிரச்சினையை நம்மோடு தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இன்ஸ்பெக்ஷன் முழுசாக முடியாமல் அழுத்த மாட்டார்கள். இது நியாயமான காரணம். நம் ரிஜெக்ஷன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் நம் அக்செப்டும் தள்ளிக்கொண்டே போகும்.

இங்கே நாம் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்திலும் "ஏற்பு" என்ற சொல் வருகிறது. பொருள் போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதிலிருந்து ஒப்பந்தத்தில் உள்ள நாளுக்குள் கட்ட வேண்டும், அந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 6 என்றால் 18 சதவீதம். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று நாமே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45-க்கு மேல் செல்லாது. இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான், அரசின் உத்யம் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்கள் இன்றைக்கே செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பதிவுக்கு முன்னால் போட்ட பில்லுக்கு இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது சிரமம்.

சட்டத்தின் ஏற்பு நாம் எதுவும் செய்யாமலே தானாக நடந்துவிடுகிறது. ட்ரெட்ஸின் அக்செப்ட் யாராவது அழுத்தினால்தான் நடக்கும். சட்டத்தில் பணம் நமக்கு உரியதாகிவிட்ட பில், தளத்தில் நிலுவையாகவே கிடக்கிறது. நம் கஷ்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் போடலாம், அதற்கென உள்ள வட்டாரக் கவுன்சில் விசாரிக்கும். அடுத்த ஆர்டர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்தான் பெரும்பாலும் அந்த வாசலில் ஏறுகிறார். உங்களையும் என்னையும் போல ஆர்டர் வேண்டியவர்களுக்கு அது கடைசி வழி.

ஆனால் இப்போது கம்பெனியிடம் பேச ஒரு நல்ல பிடி இருக்கிறது. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறை. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்த 15, 45 நாள் கெடுவுக்குள் கட்டாத தொகையை, உண்மையில் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் நம் பில் கெடு தாண்டி நின்றால், அந்தத் தொகைக்கு அவர்கள் அந்த ஆண்டு வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே நம்மை 45 நாளுக்குள் முடிக்க அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. சும்மா வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கு இது பொருந்தாது. உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான்.

எனவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். இனிமேல் ஆர்டர் பேசும்போது "90 நாளை 60 ஆக்குங்க" என்று கெஞ்சுவதை விடுங்கள். அதை அவர்கள் காகிதத்தில் ஒப்புக்கொண்டாலும் நடைமுறையில் மாறாது. அதற்குப் பதிலாக, ஜிஆர்என் போட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் ட்ரெட்ஸில் அக்செப்ட் வேண்டும் என்று கேளுங்கள். இது கம்பெனியின் பையிலிருந்து ஒரு ரூபாயையும் முன்கூட்டி எடுக்காத கோரிக்கை. அவர்கள் 90-ஆம் நாளே கட்டிக்கொள்ளட்டும், நமக்கு 12-ஆம் நாள் வந்துவிடும். பர்ச்சேஸ் ஆளுக்கு இது புரிந்தால் மேலே எடுத்துச் செல்லச் சங்கடப்பட மாட்டார். இரண்டாவது, வட்டியை யார் ஏற்பது என்று கேளுங்கள். ட்ரெட்ஸில் வட்டியைக் கம்பெனி ஏற்கவும், பிரித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. சட்டப்படி 45 நாள்தான் நாம் பொறுக்க வேண்டியது. அதற்கு மேல் உள்ள நாட்களின் வட்டி அவர்களுடையது என்பது முழு நியாயம். மேலே சொன்ன கணக்கில் கெடுவின் கடைசி 45 நாளை அவர்கள் ஏற்றால் நம் 21,267-இல் 12,760 குறையும்.

நாலு பட்டறைக்காரர்கள் ஒரே கம்பெனியிடம் ஒரே வாரத்தில் இதைக் கேட்டால் அது தனி மனிதரின் தொந்தரவாகத் தெரியாது. சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போனால் இன்னும் நல்லது.

கேட்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைச் சரி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் அக்செப்ட் வந்த பிறகு மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று உங்கள் வங்கி. நம்மில் பெரும்பாலானவர்கள் சிசி என்ற கடன் கணக்கு வைத்திருக்கிறோம். அதற்கு ஸ்டாக்கும் வர வேண்டிய பில்களும்தான் ஈடு. வங்கிக்கு ஈடாக இருக்கும் பில்லை அவர்களுக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு விற்பது ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்பதுபோல. மேனேஜரிடம் போய்ச் சொல்லுங்கள், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ட்ரெட்ஸ் பணம் சிசி கணக்கிலேயே விழும்படி வையுங்கள். வங்கி பெரும்பாலும் அதற்குச் சம்மதிக்கும். விற்ற பில்லை அந்த மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் கவனக்குறைவு இருந்தால் ரிகோர்ஸ் இல்லை என்பதெல்லாம் காப்பாற்றாது. போலி பில், இரண்டு இடத்தில் வைத்த பில் என்று வந்தால் பொறுப்பு நம்முடையதுதான். இன்னொரு விஷயம்: சிசி வரம்பில் இடம் இருக்கிறது, வட்டியும் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்றால் பில்லை விற்க அவசரமே இல்லை. 90 நாள் தாண்டிய பில்களை வங்கி பொதுவாகக் கணக்கில் எடுக்காது, அதனால் வரம்பு சுருங்கும். அப்படிச் சுருங்கும்போதுதான் ட்ரெட்ஸ் உண்மையில் கைகொடுக்கிறது.

இரண்டு, உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம். "எங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் இந்த ஆர்டரின் உரிமையை மாற்றக் கூடாது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ட்ரெட்ஸில் கம்பெனியே அக்செப்ட் கொடுப்பதால் சிக்கல் குறைவு. தளத்துக்கு வெளியே ஃபேக்டரிங் போகிறீர்கள் என்றால் இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரெட்ஸாலும் ஆகாத இடங்கள் உண்டு. தரம் குறைந்த கம்பெனி, அல்லது கிரெடிட் ரேட்டிங்கே இல்லாத நடுத்தரக் கம்பெனி என்றால் அக்செப்ட் ஆனாலும் ஏலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வங்கியும் ஒரு கம்பெனிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கும். அது நிரம்பினால் நேற்று 9-இல் போன பில் இன்றைக்கு 10.5 ஆகலாம், நிற்கவும் செய்யலாம். அதனால் ஏலம் வருவதில் மந்தம் தெரிந்தால் அதைக் கவனியுங்கள். நேற்று வரை நாலு பேர் கேட்ட கம்பெனியின் பில்லுக்கு இன்று ஒருவர் மட்டும் கேட்கிறார், அதுவும் வட்டியைக் கூட்டிக் கேட்கிறார் என்றால், வங்கிகள் அந்தக் கம்பெனியைப் பற்றி எதையோ தெரிந்துவைத்திருக்கின்றன. அந்தக் கம்பெனிக்கு அடுத்த லோடை அனுப்பும் முன் நானாக இருந்தால் யோசிப்பேன்.

கம்பெனிக்கு அனுப்ப நான் எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சலைக் கீழே தருகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஐயா, வணக்கம். எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். பதிவுச் சான்றிதழை இணைத்துள்ளோம். தாங்கள் பதிவு செய்துள்ள ட்ரெட்ஸ் தளத்தின் பெயரைத் தெரிவிக்கவும். அதே தளத்தில் நாங்களும் சேர்கிறோம். வரும் பர்ச்சேஸ் ஆர்டர்களில், ஜிஆர்என் தேதியிலிருந்து 10 நாளுக்குள் பில்லை ட்ரெட்ஸில் ஏற்பது என்ற வரியைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். ரிஜெக்ஷன் இருந்தால் அந்த 10 நாளுக்குள் டெபிட் நோட் அனுப்பவும். மீதித் தொகைக்கு ஏற்பு போதும். தங்களுடைய பணம் கட்டும் தேதியில் எந்த மாற்றமும் நாங்கள் கேட்கவில்லை. 45 நாளுக்கு மேற்பட்ட நாட்களின் வட்டியைத் தாங்கள் ஏற்பது பற்றிப் பேச ஒரு நேரம் ஒதுக்கவும்."

என்னைப் பல வாரம் "நிலுவை"யில் வைத்த அந்தக் கம்பெனிக்கு நான் இதை அனுப்பினேன். பர்ச்சேஸிலிருந்து பதில் இல்லை. அதையே நிதிப் பிரிவுத் தலைவருக்கும் அனுப்பியபோது நாலாம் நாள் போன் வந்தது. இப்போது அங்கே என் பில்கள் ஜிஆர்என்னுக்குப் பிறகு சராசரியாக 12 நாளில் அக்செப்ட் ஆகின்றன. 10 ஆகவில்லை. வட்டி விஷயத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு வரும் பதில்களை, முடியாது என்று வந்த பதில்களையும் சேர்த்து, அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கம்பெனி எத்தனை நாளில் அழுத்துகிறது என்று ஒரு பட்டியல் நம் கையில் இருந்தால், கொட்டேஷன் போடும்போது அது இரும்பு விலை அளவுக்கு உதவும்.

அன்புடன்,
கணபதியில் பட்டறை நடத்தும் உங்களில் ஒருவன்